நியமன ஆணையிலிருந்து ஒரு பக்கச் சுருக்கம்: பணிமூப்பு, தகுதி, ஊதிய உயர்வு நாள்

பதவி உயர்வுத் தேர்ந்தோர் பட்டியலுக்கு 1.1 நிலவரப்படி விவரம் கேட்டுக் கடிதம் வந்தால், தாம்பரம் வட்டாரத்துப் பள்ளி அலுவலகங்களில் முதலில் நடப்பது பணிப்பதிவேட்டைத் தேடுவதுதான். பதிவேடு கிடைத்ததும் பக்கம் பக்கமாகப் புரட்டி, கண்ணில் பட்ட தேதியை எழுதி அனுப்பிவிடுகிறோம். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே பதிவேட்டைப் புரட்டி வேறொரு தேதியை அனுப்புகிறார். இரண்டு கடிதங்களும் மேலதிகாரி மேசையில் ஒன்றாக வந்து சேரும் நாளில் பாதிக்கப்படுபவர் ஆசிரியர்.

இதற்கு மாற்று, ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பக்கச் சுருக்கம் தயாரித்துப் பணிப்பதிவேட்டின் முன்னட்டைக்குள் வைப்பது. அந்தப் பக்கத்தை எப்படித் தயாரிப்பது என்பதே இந்த அத்தியாயம். இதன் அடிப்படை ஒன்றுதான்: ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியை ஊகிக்கக் கூடாது. பணிமூப்புக்கு ஒரு தாள், தகுதிகாண் பருவத்துக்கு ஒரு தாள், ஊதிய உயர்வுக்கு ஒரு தாள் என ஒவ்வொன்றுக்கும் தனித் தாய்த்தாள் உண்டு. அலுவலகத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, பணியில் சேர்ந்த நாள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து கணக்கிடுவதால் வருபவை.

மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை

ஆறு தாள்கள் போதும்.

1. பணி நியமன ஆணை, அதாவது நியமன அலுவலரின் செயல்முறைகள்.
2. பணியேற்பு அறிக்கை.
3. பணிவரன்முறை ஆணையும் தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும்.
4. பணிப்பதிவேடு, அதிலுள்ள விடுப்புக் கணக்கோடு.
5. கல்விச் சான்றுகள், உயர்கல்விக்குப் பெற்ற முன் அனுமதி, உண்மைத்தன்மைச் சான்று.
6. ஊதிய உயர்வு, ஊக்க ஊதிய உயர்வு ஆணைகள்.

அரசு உதவிபெறும் பள்ளியாக இருந்தால் ஏழாவதாக ஒன்று வேண்டும். அங்கே நியமன ஆணையைத் தருபவர் பள்ளிச் செயலர்; கல்வித் துறை பிறகுதான் அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தருகிறது. ஆகவே நியமன ஒப்புதல் ஆணையையும் எடுத்து, அதில் எந்த நாள் முதல் ஒப்புதல் என்று எழுதியிருக்கிறதோ அந்த நாளைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆணை கையொப்பமான நாளும், ஒப்புதல் செல்லத்தக்க நாளும் ஒன்றல்ல.

பழைய தாள்களில் மாவட்டத்தின் பெயர் மாறியிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 1997-க்கு முந்தைய முத்திரைகளில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றிருக்கும். அதன்பின் 2019 நவம்பர் வரை காஞ்சிபுரம் என்றிருக்கும். 2019 நவம்பர் 29-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபின் அந்தப் பெயர் வரும். ஆசிரியர் குரோம்பேட்டையை விட்டு ஒருநாளும் நகராமல் இருந்தாலும் அவர் பதிவேட்டில் மூன்று மாவட்டங்கள் இருக்கலாம். இதை மாவட்ட மாறுதல் என்று சுருக்கத்தில் எழுதிவிட்டால், இல்லாத ஒரு மாறுதலுக்கு அவர் விளக்கம் தர வேண்டியிருக்கும். மாறுதல் ஆணையின் எண்ணும் நாளும் இருந்தால் மட்டுமே அது மாறுதல்.

மாதிரிக்கு ஓர் ஆசிரியை

முறையைக் காட்ட ஒரு மாதிரி எடுத்துக்கொள்வோம். இந்த ஆசிரியை கற்பனை. அவரைச் சுற்றியுள்ள விதிகள் உண்மை. தாம்பரம் பகுதி அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியை. பிறந்த நாள் 5.4.1985. 2012-இல் நடந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர். நியமன ஆணை நாள் 13.12.2012. பணியேற்றது 17.12.2012 முற்பகல். 2.6.2014 முதல் 28.11.2014 வரை 180 நாள் மகப்பேறு விடுப்பு. 5.6.2017 முதல் 12.9.2017 வரை 100 நாள் மருத்துவச் சான்றில்லாத ஊதியமில்லா விடுப்பு. பணியில் இருந்துகொண்டே முன் அனுமதி பெற்று முதுகலைக் கணிதம் முடித்தவர்.

இந்த இரண்டு விடுப்புகளும் இவருடைய தேதிகளை எப்படித் தொடுகின்றன என்பதில்தான் முழுப் பாடமும் இருக்கிறது.

பணிமூப்பு: சேர்ந்த நாள் அல்ல, தர எண்

நியமன ஆணையில் இரண்டு எண்கள் அருகருகே இருக்கும். ஒன்று ஆசிரியர் தேர்வு வாரியத் தெரிவுப் பட்டியலில் அவர் பெற்ற தர எண். மற்றொன்று இனச்சுழற்சி எண். அது இடஒதுக்கீட்டின்படி அவர் எந்த முறையில் தெரிவானார் என்பதைக் காட்டுவது. பணிமூப்புக்கு எடுக்க வேண்டியது தர எண்ணைத்தான். இனச்சுழற்சி இடத்தை வைத்துப் பணிமூப்பை நிர்ணயிப்பது செல்லாது என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்திலும் அது நிலைத்தது. அதற்கு முன் தயாரான பட்டியலிலிருந்து வரிசை எண்ணைப் பார்த்து எழுதுகிறவர்கள் அது எந்த அடிப்படையில் வந்த எண் என்று கட்டாயம் சோதிக்க வேண்டும்.

இங்கே பள்ளிகளில் வழக்கமாக எழும் சண்டை ஒன்று. ஒரே பட்டியலில் தெரிவான இரண்டு கணித ஆசிரியர்களில் ஒருவர் 14.12.2012-இல் சேர்ந்துவிட்டார். நம் ஆசிரியை ஊரிலிருந்து வந்து 17-ஆம் தேதி சேர்ந்தார். முன்னால் சேர்ந்தவர், "நான் சீனியர்" என்கிறார். வருகைப் பதிவேட்டிலும் அவர் பெயரே மேலே இருக்கிறது. ஆனால் ஒரே தெரிவில் வந்தவர்களுக்குள் பணிமூப்பைத் தீர்மானிப்பது பட்டியலில் பெற்ற தரம்தான். அனுமதிக்கப்பட்ட காலத்துக்குள் சேர்ந்திருந்தால் மூன்று நாள் முன்பின் சேர்ந்தது கணக்கில் வராது. வருகைப் பதிவேட்டின் வரிசை கையெழுத்துப் போடும் வசதிக்கானது. அது பணிமூப்புக்குச் சான்றாகாது.

ஆகவே சுருக்கத்தில் பணிமூப்பு என்ற தலைப்பின்கீழ் ஒரே தேதியை எழுதாதீர்கள். தெரிவு ஆண்டு, பாடம், தர எண், ஆணை எண்ணும் நாளும், பணியேற்ற நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். படிப்பவர் முதலில் தரத்தைப் பார்க்க வேண்டும். சேர்ந்த நாள் கடைசியில் வரட்டும்.

அடுத்தது, எந்த அலகில் மூப்பு என்ற கேள்வி. பட்டதாரி ஆசிரியருக்கு மாநில அளவில் பாடவாரியாக முன்னுரிமைப் பட்டியல் உண்டு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு நீண்ட காலம் ஒன்றியமே அலகாக இருந்தது. புனித தோமையார் மலை ஒன்றியத்துக்குள் இருக்கும்வரை ஒருவருக்கு இருந்த இடம், சொந்த விருப்பத்தில் காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்துக்கு மாறியதும் போய்விடும். புதிய ஒன்றியத்தில் அவர் கடைசி ஆள். 21.12.2023 நாளிட்ட பள்ளிக் கல்வித் துறை அரசாணை 243 இதை மாநில அளவிலான முன்னுரிமையாக மாற்றியது. ஆசிரியர் சங்கங்கள் அதை எதிர்த்துப் போராடியதும் இந்தக் காரணத்தால்தான். எனவே தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குச் சுருக்கம் எழுதும்போது, முதல் பணியேற்பு நாளையும் இப்போதைய ஒன்றியத்தில் சேர்ந்த நாளையும் இரண்டு தனி வரிகளாக எழுதுங்கள். எந்தப் பட்டியலுக்கு எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் எழுதிவைத்தால் மற்றதைத் தேடி மறுபடியும் முழுப் பதிவேட்டையும் புரட்ட நேரும்.

நம் ஆசிரியையின் மகப்பேறு விடுப்பும் ஊதியமில்லா விடுப்பும் அவருடைய தர எண்ணைத் தொடவில்லை. அவர் விடுப்பில் இருந்தார் என்பதற்காக அவரைக் கீழே இறக்கி எழுத யாருக்கும் அதிகாரமில்லை.

தகுதிகாண் பருவம்: விடுப்பு தள்ளிப்போடும் நாள்

பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதிகாண் பருவம் என்பது தொடர்ந்த மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஆண்டுப் பணி. பணி என்ற சொல்லைக் கவனியுங்கள். பணியில் இருந்த நாட்களே இதில் சேரும்; விடுப்பு நாட்களைக் கழித்துவிட வேண்டும். தற்செயல் விடுப்பு மட்டும் பணியாகவே கொள்ளப்படும்.

நம் ஆசிரியைக்கு விடுப்பே இல்லாதிருந்தால் 16.12.2014 பிற்பகலில் இரண்டு ஆண்டுகள் முடிந்திருக்கும். 180 நாள் மகப்பேறு விடுப்பு இடையில் வந்ததால் அத்தனை நாட்களை முன்னே தள்ள வேண்டும். டிசம்பரில் மீதி 15 நாள், சனவரி 31, பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30, மே 31 சேர்த்து 166. இன்னும் 14 நாள் வேண்டும். ஆகவே 14.6.2015 பிற்பகலில் தகுதிகாண் பருவம் முடிகிறது. மூன்று ஆண்டு எல்லை 16.12.2015 என்பதால் அதற்குள் அடங்கிவிட்டது.

இதை ஆணையோடு ஒப்பிடுங்கள். ஆணையில் 16.12.2014 என்றிருந்தால் விடுப்பைக் கழிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்போதும் நீங்களாகத் திருத்தி எழுதக் கூடாது. ஆணையில் உள்ள தேதியையே சுருக்கத்தில் எழுதி, பக்கத்தில் உங்கள் கணக்கைப் பென்சிலால் குறித்து, திருத்த ஆணை கேட்டு நியமன அலுவலருக்கு எழுத வேண்டும். சுருக்கம் ஆணையின் நகல்தான். ஆணையை மாற்றும் தகுதி அதற்கு இல்லை.

மகப்பேறு விடுப்பின் நீளம் காலத்துக்குக் காலம் மாறியதையும் நினைவில் கொள்ளுங்கள். 2011 முதல் ஆறு மாதம், 2016 நவம்பர் முதல் ஒன்பது மாதம், 1.7.2021 முதல் ஓர் ஆண்டு. விடுப்பு எடுத்த காலத்தில் இருந்த விதியை வைத்தே பதிவைச் சரிபார்க்க வேண்டும். மகப்பேறு விடுப்புக் காலமும் தகுதிகாண் பருவத்தில் சேரும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால் பழைய ஆணை கையில் உள்ளவரை, அந்த அறிவிப்பை வைத்து 14.6.2015 என்பதை நீங்கள் மாற்றி எழுத முடியாது.

ஊதிய உயர்வு நாள்: காலாண்டுக்குத் திரும்பும் கணக்கு

தமிழ்நாட்டு அரசுப் பணியில் ஆண்டு ஊதிய உயர்வு நான்கு நாட்களில்தான் வரும்: சனவரி 1, ஏப்ரல் 1, சூலை 1, அக்டோபர் 1. ஓர் ஆண்டுப் பணி முடிந்து உயர்வுக்குத் தகுதி வரும் நாள் எந்தக் காலாண்டில் விழுகிறதோ, அந்தக் காலாண்டின் முதல் நாளிலிருந்தே உயர்வு கிடைக்கும். முன்னோக்கி எண்ணிவிட்டு, பின்னோக்கிக் காலாண்டின் தொடக்கத்துக்கு வர வேண்டும். இந்த இரண்டாவது அடியை மறப்பவர்கள் அதிகம்.

நம் ஆசிரியை 17.12.2012-இல் சேர்ந்தார். ஓராண்டுக்குப்பின் 17.12.2013-இல் தகுதி வருகிறது. அது அக்டோபர்–டிசம்பர் காலாண்டு. ஆகவே முதல் உயர்வு 1.10.2013. இதை 1.1.2014 என்று எழுதும் அலுவலகங்கள் உண்டு. அது ஆசிரியருக்கு ஒரு காலாண்டு இழப்பு. இன்றைய ஊதிய அட்டவணையில் நிலை 16-இன் தொடக்கமான 36,400-இல் இருப்பவருக்கு அடுத்த படி 37,500. ஒரு காலாண்டு தவறினால் மாதம் 1,100 வீதம் 3,300 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் போகும். தவறு திருத்தப்படாவிட்டால் ஆண்டுதோறும் அதே காலாண்டு இழப்பு தொடரும்.

முற்பகல், பிற்பகல் என்பது இங்கேதான் உயிர்பெறுகிறது. ஒருவர் 31.12.2012 முற்பகலில் சேர்ந்தால் அவர் உயர்வு நாள் அக்டோபர் 1. அதே நாள் பிற்பகலில் சேர்ந்தால் ஊதியம் 1.1.2013 முதல்தான் கணக்கு. உயர்வு நாள் சனவரி 1. அரை நாள் வேறுபாட்டில் பணிக்காலம் முழுவதற்குமான காலாண்டே மாறிவிடுகிறது. ஆகவே பணியேற்பு அறிக்கையைப் பார்க்காமல் ஆணையை மட்டும் பார்த்துச் சேர்ந்த நாளை எழுதவே கூடாது.

இப்போது விடுப்புகளுக்கு வருவோம். மகப்பேறு விடுப்பு ஊதியத்துடன் கூடியது. ஊதிய உயர்வுக்கு அது பணிபோலவே சேரும். தகுதிகாண் பருவத்தை 180 நாள் தள்ளிய அதே விடுப்பு, 1.10.2014 உயர்வை ஒரு நாள்கூடத் தள்ளாது. தகுதிகாண் பருவம் தள்ளியது என்பதால் உயர்வையும் தள்ளி 1.1.2015 என்று எழுதியிருந்தால் அது பிழை. பெண் ஆசிரியர்களின் பதிவேட்டைச் சரிபார்க்கும்போது முதலில் தேட வேண்டிய பிழை இதுதான்.

2017-இன் 100 நாள் விடுப்பு வேறு வகை. மருத்துவச் சான்றில்லாமல் எடுத்த ஊதியமில்லா விடுப்பு அடிப்படை விதி 26-இன்படி உயர்வுக்குச் சேராது. 1.10.2017-இல் வர வேண்டிய உயர்வை 100 நாள் தள்ளினால் 9.1.2018. அது சனவரி–மார்ச் காலாண்டு. காலாண்டின் தொடக்கத்துக்குத் திரும்பினால் 1.1.2018. அதன்பின் அவர் உயர்வு நாள் ஆண்டுதோறும் சனவரி 1 ஆகிவிடுகிறது. பதிவேட்டில் 2016 வரை அக்டோபர், 2018 முதல் சனவரி என்று தெரிந்தால் அது எழுத்துப் பிழையல்ல. அதற்கான காரணத்தை, அதாவது விடுப்பு ஆணையின் எண்ணையும் நாட்களையும், சுருக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள். அப்படி எழுதாவிட்டால் அடுத்து வரும் எழுத்தர் அதைத் தவறு என்று நினைத்து மீண்டும் அக்டோபருக்கு மாற்றுவார். தணிக்கையில் மிகை ஊதியம் என்று பிடித்தம் வரும்.

இதே இடத்தில் ஒழுங்கு நடவடிக்கையையும் பாருங்கள். ஊதிய உயர்வு நிறுத்தம் இருந்தால் அது திரண்ட பயனுடனா, திரண்ட பயனின்றியா என்ற சொல்லை ஆணையிலிருந்து அப்படியே எடுத்து எழுதுங்கள். திரண்ட பயனின்றி என்றால் நிறுத்தக் காலம் முடிந்ததும் பழைய படிக்குத் திரும்பலாம். மற்றது நிரந்தர இழப்பு. அந்த ஒரு சொல் விட்டுப்போனால் ஓய்வூதியக் கணக்குவரை பாதிக்கும்.

தொகுப்பூதியத்தில் வந்தவர்கள்

சில பதிவேடுகளில் சேர்ந்த நாளுக்கும் முதல் உயர்வுக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருக்கும். 2003-க்குப்பின் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டவர்கள் இவர்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000, பட்டதாரி ஆசிரியருக்கு 4,000, முதுகலை ஆசிரியருக்கு 4,500 ரூபாய் என்று பெற்றவர்கள். 1.6.2006 முதல் இவர்களைக் காலமுறை ஊதியத்துக்கு அரசு கொண்டுவந்தது.

இவர்களுக்குச் சுருக்கத்தில் இரண்டு தேதிகள் கட்டாயம்: முதலில் சேர்ந்த நாள், காலமுறை ஊதியத்துக்கு வந்த நாள். உயர்வுக் கணக்கு இரண்டாவது தேதியிலிருந்துதான். 1.6.2006-இல் தொடங்கினால் 1.6.2007-இல் தகுதி, ஏப்ரல்–சூன் காலாண்டு, ஆகவே முதல் உயர்வு 1.4.2007. 2004-இல் சேர்ந்தவருக்கு 2005-இல் உயர்வு எங்கே என்று தேட வேண்டியதில்லை. தொகுப்பூதியத்துக்கு ஆண்டு உயர்வு கிடையாது.

தகுதி: சான்றின் நாள் அல்ல, தேர்வின் நாள்

கல்வித் தகுதியை இரண்டு பிரிவாக எழுதுங்கள். பணியில் சேரும்போது இருந்தவை ஒன்று. பணியில் இருந்துகொண்டு பெற்றவை மற்றொன்று. இரண்டாவது பிரிவுக்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் நான்கு விவரம் வேண்டும்: முன் அனுமதி ஆணை, கடைசித் தேர்வு எழுதிய நாள், பட்டச் சான்று நாள், உண்மைத்தன்மைச் சான்று பெற்ற நாள்.

கடைசித் தேர்வு நாள் எதற்கு என்று கேட்கலாம். ஊக்க ஊதிய உயர்வு அந்த நாளுக்கு மறுநாளிலிருந்து கணக்கிடப்படுவது வழக்கம். பட்டமளிப்பு விழா ஓராண்டு கழித்துக்கூட வரும். அந்த நாளை எடுத்தால் ஆசிரியருக்கு ஓராண்டு இழப்பு. இந்த ஊக்க ஊதிய உயர்வுத் திட்டமே 10.3.2020 நாளிட்ட அரசாணையால் நிறுத்தப்பட்டது. பின்னர் ஒருமுறை மட்டும் தரும் தொகையாக மாறியது. ஆகவே 2019, 2020-இல் படித்து முடித்தவர்களுக்குக் கடைசித் தேர்வு நாள் எது என்பதே நிரந்தர உயர்வா, ஒருமுறைத் தொகையா என்ற கேள்வியைத் தொட்டு நிற்கிறது. தொலைநிலைக் கல்வியில் படித்தவர்களின் நுழைவுச் சீட்டு நகலைப் பதிவேட்டோடு வைத்திருந்த அலுவலகங்களுக்கு இந்தக் கேள்வி எழும்போது சிரமமில்லை. மதிப்பெண் பட்டியலில் பெரும்பாலும் மாதமும் ஆண்டும் மட்டுமே இருக்கும்.

நம் ஆசிரியைக்கு இளங்கலை, முதுகலை இரண்டும் கணிதம். முதுகலை ஆசிரியர் பதவி உயர்வுக்கு இது முக்கியம். பட்டத்தின் பெயரோடு பாடத்தையும் எழுதுங்கள். பட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால், இயற்பியலா கணிதமா என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும்.

ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு ஒரு வரி

1.9.2025-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப்பின் இந்த வரி இல்லாத சுருக்கம் முழுமையாகாது. பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. அதற்கும் குறைவாக இருப்பவர்கள் ஓய்வுவரை பணியில் தொடரலாம். ஆனால் தகுதித் தேர்வு இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. சிறுபான்மைப் பள்ளிகள் பற்றிய கேள்வி கூடுதல் நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது.

ஆகவே மூன்று விவரங்கள் ஒன்றுக்கருகே ஒன்று இருக்க வேண்டும். முதலாவது, நியமனம் 23.8.2010-க்கு முன்பா பின்பா. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் குறைந்தபட்சத் தகுதியாகத் தகுதித் தேர்வை அறிவித்த நாள் அது. இரண்டாவது, தகுதித் தேர்வில் தேறிய ஆண்டும், எழுதியது முதல் தாளா இரண்டாம் தாளா என்பதும். மூன்றாவது, ஓய்வு பெறும் நாள். தமிழ்நாட்டில் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள் ஓய்வு நாள். நம் ஆசிரியைக்கு அது 30.4.2045. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவருக்கு மட்டும் முந்தைய மாதத்தின் கடைசி நாள். 1.9.1970-இல் பிறந்தவரின் ஓய்வு 31.8.2030, அது ஐந்து ஆண்டு எல்லையின் விளிம்பு. அப்படிப்பட்டவரின் பிறந்த நாளைப் பள்ளி இறுதிச் சான்றோடு ஒப்பிட்டபின்பே எழுத வேண்டும்.

எழுதி முடித்த பக்கம்

நம் ஆசிரியைக்கு இப்படி வரும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் பணிப்பதிவேட்டின் பக்க எண்ணை எழுதுங்கள்.

- பிறந்த நாள்: 5.4.1985. ஓய்வு நாள்: 30.4.2045.
- தெரிவு: 2012, பட்டதாரி ஆசிரியர், கணிதம். தேர்வு வாரியத் தர எண்: ஆணையில் உள்ளபடி.
- நியமன ஆணை: செயல்முறை எண், நாள் 13.12.2012.
- பணியேற்பு: 17.12.2012 முற்பகல்.
- தகுதிகாண் பருவம் முடிவு: 14.6.2015 பிற்பகல். காரணம்: 180 நாள் மகப்பேறு விடுப்பு.
- ஊதிய உயர்வு நாள்: 1.10.2013 முதல் அக்டோபர் 1, 1.1.2018 முதல் சனவரி 1. காரணம்: மருத்துவச் சான்றில்லா ஊதியமில்லா விடுப்பு 100 நாள், 5.6.2017 முதல் 12.9.2017 வரை.
- சேரும்போது தகுதி: இளங்கலை கணிதம், கல்வியியல் பட்டம், தகுதித் தேர்வு இரண்டாம் தாள் 2012.
- பணியில் பெற்ற தகுதி: முதுகலை கணிதம், முன் அனுமதி, கடைசித் தேர்வு நாள், உண்மைத்தன்மைச் சான்று, ஊக்க ஊதிய உயர்வு ஆணை.

இந்தப் பக்கத்தை இரண்டு இடங்களோடு ஒப்பிட வேண்டும். ஒன்று, களஞ்சியம் மென்பொருளில் உள்ள பதிவு. ஊதியம் அதிலிருந்துதான் போகிறது. கைப்பதிவேட்டில் சனவரி என்றும் களஞ்சியத்தில் அக்டோபர் என்றும் இருந்தால் மிகை ஊதியம் மாதாமாதம் சேர்ந்துகொண்டே போகும். மற்றொன்று, பதிவேட்டிலேயே ஆண்டுதோறும் செய்யும் பணி சரிபார்ப்புக் குறிப்பு. ஏதேனும் ஓர் ஆண்டின் சரிபார்ப்பு விட்டுப்போயிருந்தால் அந்த ஆண்டின் ஊதியப் பட்டியலைத் தேடி எடுத்து இப்போதே எழுதுங்கள். பழைய பட்டியல்கள் மழைநீரில் நனைந்தோ இடமாற்றத்தில் தொலைந்தோ போய்விடுவதற்கு முன் அதைச் செய்துவிட வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் நீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பதிவேட்டைக் கீழ் அடுக்கில் வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. சுருக்கத்தைத் தயாரித்ததும் அதன் நகலை ஆசிரியரிடம் கொடுத்து, "பார்த்துச் சொல்லுங்க டீச்சர்" என்று ஒரு வாரம் அவகாசம் தந்து, கையொப்பம் பெற்றபின் தலைமையாசிரியரின் கையொப்பத்துக்கு வையுங்கள். தம் விடுப்பு எந்த நாளில் தொடங்கியது, எந்தத் தேர்வைக் கடைசியாக எழுதினோம் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அலுவலகத்தில் யாரும் இல்லை. பிழை இருந்தால் அந்த ஒரு வாரத்தில் வெளிப்பட்டுவிடும். வெளிப்படாமல் போகும் பிழை ஓய்வூதியக் கருத்துரு அனுப்பும் ஆண்டில் வெளிப்படும். அப்போது அதைத் திருத்த ஆணை பிறப்பித்த அலுவலரோ, எழுதிய எழுத்தரோ அந்த இருக்கையில் இருக்கமாட்டார்கள்.